8.51 வோல்ட் ஏன் வரவே முடியாது? சர்க்யூட் கணக்கில் குறிப் பிழையையும் அலகுப் பிழையையும் பிடிக்கும் முறை

டிப்ளமோ முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி போன வாரம் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு நோடு, மூன்று ரெசிஸ்டர், இரண்டு சப்ளை. கணக்கு முழுக்கப் போட்டு முடித்து, கடைசியில் விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டிருந்தான்: 8.51 வோல்ட். புத்தகத்தில் விடை கொடுக்கப்படவில்லை. "சரியா அண்ணா?" என்று கேட்டான். அவன் எழுதியிருந்த எந்த வரியையும் படிக்காமல், படத்தை மட்டும் பார்த்து, "இது வராதுப்பா" என்றேன். அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்குக் கணிதத் திறமை பெரிதாகத் தேவையில்லை. என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

சர்க்யூட் இதுதான். A என்று ஒரு நோடு. 12 வோல்ட் சப்ளையிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (R1) வழியாக ஒரு இணைப்பு அந்த நோடுக்கு வருகிறது. 5 வோல்ட் சப்ளையிலிருந்து 2.2 கிலோ ஓம் (R2) வழியாக இன்னொன்று. A-யிலிருந்து 10 கிலோ ஓம் (R3) நேராகக் கிரவுண்டுக்குப் போகிறது. A-யில் எவ்வளவு வோல்டேஜ் என்பதுதான் கேள்வி. பேப்பரில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தம்பி எழுதிய சமன்பாடு:

```
(12 - VA)/R1 + (5 - VA)/R2 + VA/R3 = 0
```

முதல் பார்வைக்கு ஒழுங்காகத்தான் தெரியும். கால்குலேட்டரில் போட்டால் 8.51 வரும். 0-க்கும் 12-க்கும் நடுவில் இருக்கிற எண். போதாக்குறைக்கு, 12-க்கும் 5-க்கும் சராசரி 8.5. "கிட்டத்தட்ட நடுவில் வருகிறது, சரியாகத்தான் இருக்கும்" என்று மனம் சமாதானம் ஆகிவிடும். அந்தச் சமாதானம்தான் ஆபத்து.

முதலில் வேலி போடுங்கள்

சமன்பாட்டைத் தொடுவதற்கு முன்னால், விடை எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று ஒரு வேலி போட வேண்டும். இதற்கு ஒரே ஒரு விதி போதும். ஒரு நோடை, நிலையான வோல்டேஜ் உள்ள ஓரிடத்தோடு ரெசிஸ்டர் வழியாக இணைத்தால், அந்த நோடு அந்த வோல்டேஜை நோக்கி நகரும். அதைத் தாண்டிப் போகாது. கயிறு இழுக்கும் போட்டி மாதிரி யோசியுங்கள். R1 நோடை 12-ஐ நோக்கி இழுக்கிறது, R2 அதை 5-ஐ நோக்கி இழுக்கிறது, R3 சுழியத்தை நோக்கி இழுக்கிறது. ரெசிஸ்டரின் மதிப்பு குறையக் குறைய இழுவை பலமாகும்.

இப்போது R3-ஐக் கழற்றிவிட்டதாக நினையுங்கள். 12-க்கும் 5-க்கும் மட்டும் போட்டி. இரண்டும் சம பலமாக இழுத்தால் நடுவில் 8.5 வரும். ஆனால் 5 வோல்ட் பக்கம் இருப்பது 2.2 கிலோ ஓம், 12 வோல்ட் பக்கம் இருப்பது 4.7. அதாவது 5 வோல்ட் பக்கம் இரண்டு மடங்குக்கு மேல் பலம். ஆகவே நோடு 8.5-க்குக் கீழேதான் நிற்கும். அப்புறம் R3-ஐத் திரும்ப மாட்டினால் அது நோடை இன்னும் கீழே இழுக்கும். அப்படியென்றால் 8.51-க்கு வழியே இல்லை. இவ்வளவு நேரம் ஒரு பெருக்கல்கூடச் செய்யவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டால் வேலியை இன்னும் இறுக்கலாம். ஒவ்வொரு ரெசிஸ்டராகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

R3 இல்லாவிட்டால் நோடு 7.23 வோல்ட்டில் நிற்கும். R3 நோடைக் கீழேதான் இழுக்கும் என்பதால், உண்மையான விடை 7.23-க்குக் குறைவாக இருக்க வேண்டும்.

R2 இல்லாவிட்டால் மிஞ்சுவது சாதாரண வோல்டேஜ் டிவைடர். 12 × 10/14.7, அதாவது 8.16 வோல்ட். இப்போது R2-ஐ மாட்டுகிறோம். அது நோடை 5-ஐ நோக்கி இழுக்கும், 5-ஐத் தாண்ட விடாது. ஆகவே விடை 5-க்கும் 8.16-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

R1 இல்லாவிட்டாலும் ஒரு டிவைடர்தான். 5 × 10/12.2, அதாவது 4.10 வோல்ட். R1 மேலே இழுப்பதால் விடை 4.10-க்கு மேல் வர வேண்டும்.

மூன்றையும் சேர்த்தால் விடை 5-க்கும் 7.23-க்கும் நடுவில். சரியான விடை 6.29 வோல்ட். வேலிக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நோடோடு இணைந்திருப்பவை ரெசிஸ்டரும் நிலையான வோல்டேஜ் சப்ளையும் மட்டும் என்றால்தான் இது செல்லும். ஆப்-ஆம்ப், டிரான்சிஸ்டர் மாடலில் வரும், வேறோரிடத்து வோல்டேஜையோ கரண்டையோ பொறுத்து மாறும் சப்ளை, ஏசியில் கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்த சர்க்யூட் இவற்றில் நோடு சப்ளையைத் தாண்டிப் போகலாம். தொடர் ஒத்ததிர்வில் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே சப்ளையைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வருவது சகஜம். அங்கே போய் இந்த வேலியைப் போட்டு, சரியான விடையைத் தப்பு என்று அடித்துவிடாதீர்கள்.

சூத்திரத்தை ஓரத்துக்குத் தள்ளுங்கள்

விடை தப்பு என்று தெரிந்துவிட்டது. எங்கே தப்பு? இதற்கு எண்களை விட்டுவிட்டு, எழுத்திலேயே இருக்கும் சூத்திரத்துக்குப் போக வேண்டும். கணக்கை ஆரம்பத்திலேயே எண்களாக மாற்றிவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. R1, R2, R3 என்று எழுத்தாகவே கடைசிவரை கொண்டுபோய், கடைசி வரியில் மட்டும் எண் போடுங்கள்.

தம்பியின் சமன்பாட்டிலிருந்து கிடைக்கும் சூத்திரம்:

```
VA = (12/R1 + 5/R2) / (1/R1 + 1/R2 - 1/R3)
```

இப்போது ஒவ்வொரு ரெசிஸ்டரையும் ஓரத்துக்குத் தள்ளிப் பார்க்கலாம். ஒரு ஓரம் சுழியம், அதாவது ஷார்ட். மறு ஓரம் முடிவிலி, அதாவது கழற்றிவிட்டது. சர்க்யூட்டைப் பார்த்து என்ன வர வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகே சூத்திரத்தைப் பாருங்கள். வரிசையை மாற்றினால், சூத்திரம் சொல்வதற்கு ஏற்ற காரணத்தை மனம் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். எதிர்பார்ப்பைப் பேப்பரில் எழுதிய பிறகே சூத்திரத்தைத் திறக்க வேண்டும்.

R1-ஐச் சுழியமாக்கினால் நோடு நேராக 12 வோல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். 12 வர வேண்டும். சூத்திரத்தில் 1/R1 பூதாகரமாகி மற்றதெல்லாம் மறைந்துவிடும், மேலே 12/R1, கீழே 1/R1. 12 வருகிறது. சரி.

R2-ஐச் சுழியமாக்கினால் 5 வர வேண்டும். வருகிறது. சரி.

R3-ஐ முடிவிலியாக்கினால் கிரவுண்டு இணைப்பே இல்லை. 7.23 வர வேண்டும். 1/R3 மறைந்து அதுவே வருகிறது. சரி.

R3-ஐச் சுழியமாக்கினால் நோடு கிரவுண்டோடு ஒட்டும். சுழியம் வர வேண்டும். சூத்திரத்தில் கீழே ஒரு பெரிய எண் வருவதால் விடை சுழியத்துக்குப் போகிறது. இதையும் சரி என்று டிக் அடித்துவிட்டுப் போகத் தோன்றும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். சுழியத்துக்குப் போகிறதா என்பதோடு, எந்தப் பக்கத்திலிருந்து போகிறது என்றும் கேளுங்கள். R3-க்கு 100 ஓம், அதாவது 0.1 கிலோ ஓம் போட்டால் இந்தச் சூத்திரம் −0.52 வோல்ட் தருகிறது. மைனஸ்! இரண்டு சப்ளையும் பிளஸ், மூன்றாவது முனை கிரவுண்டு. நோடு மைனஸுக்குப் போவதற்குச் சர்க்யூட்டில் ஆளே இல்லை. உண்மையில் வர வேண்டியது +0.45.

இன்னொன்றும் பாருங்கள். R3 பெரிதாக இருக்கும்போது விடை பிளஸ், சிறிதாக இருக்கும்போது மைனஸ். அப்படியானால் நடுவில் எங்கேயோ சூத்திரத்தின் கீழ்ப்பகுதி சுழியமாக வேண்டும். R1-உம் R2-உம் பக்க இணைப்பில் கிட்டத்தட்ட 1.5 கிலோ ஓம். R3-க்கும் அதே 1.5 போட்டுப் பாருங்கள், சுமார் 7,500 வோல்ட் வரும். 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் இருக்கிற இடத்தில் மூன்று ரெசிஸ்டர் சேர்ந்து ஏழாயிரம் வோல்ட் உண்டாக்காது.

வெறும் ரெசிஸ்டர் சர்க்யூட்டில், சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் இப்படி மின்தடைகளுக்கு நடுவே ஒரு மைனஸ் தெரிந்தாலே பேனாவைக் கையில் எடுங்கள். எல்லா மின்தடைகளும் பிளஸ். அவற்றை எப்படிச் சேர்த்தாலும் கீழ்ப்பகுதி சுழியமாக வழியிருக்கக் கூடாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எந்தச் சோதனை தோற்றது என்பதே பிழை இருக்கும் இடத்தைக் காட்டிவிடுவதுதான். R1 சோதனை பாஸ், R2 சோதனை பாஸ், R3-ஐக் கழற்றிய சோதனை பாஸ். R3 இருக்கும்போது மட்டும் சிக்கல். ஆகவே பிழை R3 உறுப்பில்தான் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் புரிந்துவிடும். முதல் இரண்டு உறுப்பும் நோடுக்குள் வரும் கரண்ட். மூன்றாவது நோடிலிருந்து வெளியே போகும் கரண்ட். வருவதையும் போவதையும் ஒரே குறியோடு கூட்டிவிட்டான். எல்லாவற்றையும் வெளியே போவதாக வைத்து எழுதினால் குழப்பமே இல்லை:

```
(VA - 12)/R1 + (VA - 5)/R2 + VA/R3 = 0
VA = (12/R1 + 5/R2) / (1/R1 + 1/R2 + 1/R3)
```

இரண்டாவது வரியை மில்மன் தேற்றம் என்று சில புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அடியில் இருப்பது குஸ்தாவ் கிர்க்காஃப் 1845-இல், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே வெளியிட்ட கரண்ட் விதி. விதி எளிது. திசையை நடுவில் மாற்றிக்கொள்ளாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "விடையைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன், சுழியம் வந்தது" என்று தம்பி சொன்னான். வரத்தான் செய்யும். தப்பான சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தால் அது தன்னைத் தானே திருப்திப்படுத்தும். திரும்பப் போடுவதென்றால் சமன்பாட்டில் போடாதீர்கள், படத்தில் போடுங்கள். A-யில் 8.51 என்று எழுதி, ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் எவ்வளவு, எந்தப் பக்கம் ஓடும் என்று அம்புக்குறி போட்டுக் கணக்கிடுங்கள். R1 வழியாக 0.74 மில்லி ஆம்பியர் உள்ளே வரும். R2 வழியாக 1.59, R3 வழியாக 0.85 வெளியே போகும். 0.74 வந்து 2.44 போகிறதென்றால் மீதி எங்கிருந்து வந்தது?

எல்லா மைனஸும் பிழை இல்லை

சரியான விடையை வைத்துக் கரண்டுகளைப் பாருங்கள். I1, I2 இரண்டையும் நோடுக்குள் வருவதாகவும், I3-ஐ நோடிலிருந்து கிரவுண்டுக்குப் போவதாகவும் வைத்தால்:

```
I1 = (12 - 6.289)/4.7 =  1.215 mA
I2 = (5 - 6.289)/2.2  = -0.586 mA
I3 = 6.289/10         =  0.629 mA
```

இரண்டாவதில் மைனஸ் வந்ததும் பலர் பதறிப்போய், "5 வோல்ட் சப்ளை கரண்ட் கொடுக்கத்தானே செய்யும்" என்று அந்த மைனஸை அழித்துவிடுகிறார்கள். அப்படிச் சரியான விடையைக் கெடுத்த நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலி போட்ட இடத்துக்குத் திரும்பிப் போங்கள். R2 இல்லாதபோதே நோடு 8.16-இல் இருந்தது, 5-க்கு மேலே. அப்படியானால் R2-ஐ மாட்டியதும் கரண்ட் நோடிலிருந்து 5 வோல்ட் சப்ளைக்குள் போக வேண்டும் என்பது கணக்குப் போடும் முன்பே தெரிந்த சேதி. மைனஸ் வராமல் போயிருந்தால்தான் பிழை. அது ரீசார்ஜ் பேட்டரியாக இருந்தால், இப்போது மெதுவாக சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது.

கூட்டிப் பாருங்கள். 1.215-இல் 0.586 போனால் 0.629. அதுவே R3-இல் ஓடுகிறது. பவர் கணக்கும் பார்க்கலாம். 12 வோல்ட் சப்ளை கொடுப்பது 14.58 மில்லி வாட். 5 வோல்ட் சப்ளை எடுத்துக்கொள்வது 2.93. மூன்று ரெசிஸ்டரும் சூடாக்கி வீணடிப்பது 6.94, 0.76, 3.96, மொத்தம் 11.65 அல்லது 11.66, எங்கே முழுமையாக்கினீர்கள் என்பதைப் பொறுத்து. 14.58-இல் 2.93 போனால் 11.65. ரெசிஸ்டர் எடுக்கும் பவரில் மட்டும் மைனஸ் வரவே கூடாது. ரெசிஸ்டர் யாருக்கும் பவர் கொடுக்காது.

அலகு: கிலோவும் மில்லியும் ஜோடி

கிலோ ஓம் கணக்கில் கிலோவை ஒவ்வொரு முறையும் மூன்று சுழியமாக விரித்து எழுதத் தேவையில்லை. வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் மில்லி ஆம்பியர். மில்லி ஆம்பியரைக் கிலோ ஓமால் பெருக்கினால் வோல்ட். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் பெருக்கினால் மில்லி வாட். இந்த ஜோடிகளை மனதில் வைத்துக்கொண்டால் பாதி அலகுப் பிழை வராது. மீதிப் பாதி, பாதியில் ஜோடியை உடைப்பதால் வருகிறது.

சரியான வோல்டேஜ் கிடைத்த பிறகும் R3-இன் கரண்டுக்குச் சிலர் எழுதும் வரி: 6.29/10 = 0.629 ஆம்பியர். கிலோ தொலைந்துவிட்டது. இதைப் பிடிக்க அளவு சரிதானா என்று கேட்டால் போதும். 0.629 ஆம்பியர் ஓடினால் அந்த ரெசிஸ்டரில் பவர் 6.29 × 0.629, கிட்டத்தட்ட 4 வாட். லேபில் நாம் பயன்படுத்தும், கலர் பட்டை போட்ட சின்ன ரெசிஸ்டர் கால் வாட்டுக்கு ஆனது. 4 வாட் கொடுத்தால் புகைந்து கருகிவிடும். உண்மையில் அதில் 4 மில்லி வாட்தான், தொட்டால் சூடே தெரியாது. பவராக மாற்றிப் பார்ப்பது நல்ல வழி, ஏனென்றால் 0.629 ஆம்பியர் என்பது பெரிதா சின்னதா என்று புதிதாகப் படிப்பவருக்கு உடனே படாது. 4 வாட் ரெசிஸ்டர் எப்படி இருக்கும் என்று படும்.

இதைவிடக் கள்ளத்தனமான அலகுப் பிழை ஒன்று உண்டு. சமன்பாடு சரி, குறி சரி. ஆனால் கால்குலேட்டரில் R1-க்கு 4700 என்றும், R2-க்கு 2.2 என்றும், R3-க்கு 10 என்றும் அடித்துவிட்டார்கள். ஒன்று ஓமில், மற்ற இரண்டும் கிலோ ஓமில். விடை 4.10 வோல்ட் வருகிறது. பார்க்க எவ்வளவு சாது! 0-க்கும் 12-க்கும் நடுவில், பிளஸில், நம்பும்படியான எண். ஆனால் நம் வேலி 5-இல் ஆரம்பிக்கிறது. அதோடு, 4.10 என்ற எண்ணை முன்பே பார்த்திருக்கிறோம். R1-ஐக் கழற்றியபோது வந்த விடை அதுதான். மாட்டியிருக்கிற ரெசிஸ்டர் கழற்றிய மாதிரியே நடந்துகொள்கிறதென்றால், கணக்கில் அதன் மதிப்பு ஆயிரம் மடங்கு பெரிதாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். விடை ஏதாவது ஒரு எல்லை நிலையோடு அப்படியே ஒட்டிப்போனால் முதலில் அந்த ரெசிஸ்டரின் அலகைத் தேடுங்கள்.

கெப்பாசிட்டர் சேர்ந்தால்

இப்போது R3-க்குப் பக்க இணைப்பாக ஒரு செராமிக் கெப்பாசிட்டர். மேலே 104 என்று போட்டிருக்கும். 10-க்குப் பின்னால் நான்கு சுழியம், பிக்கோ ஃபாரடில். அதாவது 1,00,000 பிக்கோ, 100 நானோ ஃபாரட். இந்த 104-ஐ 104 நானோ என்றோ 104 மைக்ரோ என்றோ எடுத்துக்கொள்வதில்தான் முதல் சறுக்கல் வரும்.

கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது சப்ளையைப் போடுகிறோம். A எவ்வளவு வேகமாக ஏறும்? நேர மாறிலி τ = RC என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்த R? பக்கத்தில் R3 ஒட்டிக்கொண்டிருப்பதால் 10 கிலோ ஓமைப் போட்டு, 1 மில்லி செகண்ட் என்று எழுதுவது வழக்கமான தப்பு. எல்லைச் சோதனை இதையும் காட்டிக்கொடுக்கும். R1-ஐச் சுழியமாக்குங்கள். நோடு 12 வோல்ட்டில் நேராக ஒட்டிவிட்டது. கெப்பாசிட்டர் அந்தக் கணமே நிறைய வேண்டும், τ சுழியமாக வேண்டும். τ = R3·C-யில் R1 எங்கேயும் இல்லை, அதனால் சுழியமாகவே முடியாது. ஆகவே தப்பு. R1, R2, R3 மூன்றில் எது ஷார்ட் ஆனாலும் τ சுழியமாக வேண்டும். மூன்றும் பக்க இணைப்பில் இருந்தால்தான் அது நடக்கும். மூன்றின் பக்க இணைப்பு 1.303 கிலோ ஓம்.

அலகு: கிலோ ஓமை மைக்ரோ ஃபாரடால் பெருக்கினால் மில்லி செகண்ட். நானோவால் பெருக்கினால் மைக்ரோ செகண்ட். ஆகவே 1.303 × 100 = 130.3 மைக்ரோ செகண்ட். நானோவை மைக்ரோ என்று எடுத்திருந்தால் 130 மில்லி செகண்ட். ஐந்து τ-யில் கிட்டத்தட்ட முழுக்க நிறையும் என்பதால், அது முக்கால் செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மல்டிமீட்டரில் எண் ஏறுவது கண்ணுக்கே தெரிய வேண்டும். பெரிய எலக்ட்ரோலிட்டிக் போட்டால் அப்படித் தெரியும். மிளகு அளவு இருக்கிற 104-க்கு, சில கிலோ ஓமோடு, தெரியாது.

அப்புறம் நேரச் சூத்திரம்:

```
v(t) = 6.29 (1 - e^(-t/τ))
```

t சுழியமானால் விடை சுழியமாக வேண்டும், t ரொம்பப் பெரிதானால் 6.29 ஆக வேண்டும். அடுக்கில் மைனஸ் விட்டுப்போனால் t ஏற ஏற விடை வெடித்துவிடும், பார்த்த உடனே தெரியும். அடுக்குக்குள் இருப்பதற்கு அலகே இருக்கக் கூடாது என்பதையும் பாருங்கள். செகண்டைச் செகண்டால் வகுத்தாக வேண்டும். அங்கே t/C என்றோ t/R என்றோ நின்றால், எழுதும்போது ஏதோ விழுந்துவிட்டது.

இந்தச் சோதனைகளுக்கும் சிக்காதவை

எல்லைச் சோதனையும் அலகுச் சோதனையும் சேர்ந்தாலும் பிடிக்க முடியாத ஒரு வகைப் பிழை உண்டு. வெறும் எண் பெருக்கி. 2, √2, 2π மாதிரி. சுழியத்தை 2π-ஆல் பெருக்கினாலும் சுழியம்தான், முடிவிலியும் அப்படித்தான், அலகும் மாறாது. நம் சர்க்யூட்டில் 1/τ எடுத்தால் 7,673. இது ரேடியன்/செகண்ட். 2π-ஆல் வகுத்தால்தான் ஹெர்ட்ஸ், 1,221. முதல் எண்ணை எடுத்து 7.67 கிலோ ஹெர்ட்ஸ் என்று எழுதினால் மேலே சொன்ன எந்தச் சோதனையிலும் மாட்டாது. இதற்கு நான் செய்வது, ரேடியன்/செகண்டை விட்டுவிடாமல் ஒவ்வொரு வரியிலும் அலகாக எழுதிக்கொண்டே வருவது. கண்டிப்பாக எழுதினால், ஹெர்ட்ஸ் ஆக்கும் இடத்தில் கை தானாக நிற்கும்.

τ-யையே எண் பெருக்கி பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்க நல்ல வழி, அதே அளவை வேறு பாதையில் ஒருமுறை கணக்கிடுவது. சப்ளை போட்ட முதல் கணத்தில் கெப்பாசிட்டர் காலி, A சுழியத்தில் இருக்கிறது. R3-இல் கரண்ட் இல்லை. ஆகவே கெப்பாசிட்டருக்குள் பாய்வது 12/4.7 + 5/2.2, மொத்தம் 4.826 மில்லி ஆம்பியர். இதற்கு τ தேவைப்படவே இல்லை. இப்போது சூத்திரத்திலிருந்து பாருங்கள். ஆரம்பச் சரிவு 6.289 வோல்ட்டை 130.3 மைக்ரோ செகண்டால் வகுத்தது, ஒரு செகண்டுக்குச் சுமார் 48,260 வோல்ட். அதை 100 நானோ ஃபாரடால் பெருக்கினால் 4.826 மில்லி ஆம்பியர். இரண்டும் பொருந்துகின்றன. τ-யில் 2 அல்லது 2π எங்காவது நுழைந்திருந்தால் இங்கே உடைந்திருக்கும்.

இன்னொரு பிழை, R1 மதிப்பையும் R2 மதிப்பையும் இடம் மாற்றி எழுதுவது. சூத்திரம் எல்லாச் சோதனையிலும் தேறும், எண் மட்டும் 8.50 வோல்ட் ஆகும். 7.23 என்ற வேலி இதைப் பிடிக்கும், ஆனால் வேலியைப் படத்தைப் பார்த்துப் போட்டிருந்தால் மட்டும். மாற்றி எழுதிய அதே பட்டியலிலிருந்து வேலியும் போட்டால் இரண்டும் ஒன்றாகவே தப்பாகி, ஒத்தும் போகும். அதனால்தான் தம்பியிடம் நோட்டை மூடச் சொல்லிவிட்டு, கேள்வித்தாளில் இருக்கிற படத்துக்கு மேலேயே பென்சிலால் 5, 7.23 என்று எழுத வைத்தேன். பிறகு நோட்டைத் திறந்தான். 8.51-ஐப் பார்த்துவிட்டு, நான் எதுவும் சொல்வதற்கு முன்னால், R3 இருக்கும் வரியில் விரலை வைத்தான்.